பாதி திகதி, பாதி எழுத்து: ஒரு சங்கக் கணக்கை வரிசைப்படுத்திய விபரம்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு தோட்டத்தின் மரண உதவிச் சங்கத்துக் கணக்கு இது. 2018 தொடக்கம் 2023 நடுப்பகுதி வரை கட்டிய சந்தா எல்லாம் ஒரே எக்செல் தாளில், ஏறத்தாழ நாலாயிரம் வரி. ஒவ்வொரு வரியிலும் ரசீதுப் புத்தகத்தின் பெயர், ரசீது இலக்கம், அங்கத்தவர் இலக்கம், திகதி, தொகை. அவ்வளவுதான். பார்த்தால் ஒரு சிக்கலும் இல்லாத தாள்.

சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது: தொடர்ந்து மூன்று மாதம் சந்தா கட்டாதவர் வீட்டில் மரணம் நடந்தால் உதவிப்பணம் முழுதாகக் கிடைக்காது. ஆகவே ஒருவர் கடைசியாகக் கட்டிய திகதி எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2022 கடைசியில் ஒரு குடும்பம் உதவிப்பணம் கேட்டு வந்தபோது தாளைத் திகதிப்படி அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். கடைசிச் சந்தா 2022 ஜனவரி 9 என்று காட்டியது. அந்த வீட்டுக்காரர் கையில் இருந்த ரசீதிலோ 01/09/2022 என்று பேனையால் எழுதியிருந்தது, அதாவது செப்டம்பர் முதலாம் திகதி. நல்ல வேளையாக அவர் ரசீதை வைத்திருந்தார், பணம் கிடைத்தது. அதற்குப் பிறகு யாருக்கும் அந்தத் தாளில் நம்பிக்கை இல்லை. "கொம்பியூட்டர் பொய் சொல்லுது தம்பி, என்னான்னு கொஞ்சம் பாருங்க" என்று செயலாளர் அனுப்பி வைத்தார். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். "சேர், கொம்பியூட்டர் தனக்குத் தெரிஞ்ச மாதிரி வாசிச்சிருக்கு, நாம எழுதின மாதிரி வாசிக்கல" என்றேன்.

இந்த மாதிரித் தாளைப் பார்க்கும் பலர் எழுத்தாகக் கிடக்கும் திகதிகளைத்தான் முதலில் தேடுவார்கள், ஏனென்றால் அவைதான் அடுக்கும்போது கீழே போய் ஒட்டிக்கொண்டு கண்ணில் குத்தும். உண்மையில் எழுத்தாக நிற்பவை பாவம், ஒன்றும் செய்வதில்லை. உண்மையான திகதியாக ஏற்கனவே மாறிவிட்டவைதான் ஆபத்து. அவை வலது பக்கம் ஒழுங்காக ஒட்டிக்கொண்டு, அழகாக வரிசையில் நின்று, தப்பான மாதத்தில் உட்கார்ந்திருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது

முதல் வேலையாக மூல நிரலைத் தொடாமல் தாளை ஒரு பிரதி எடுத்தேன். பிரதியில் திகதி நிரலை முழுதாகத் தெரிவு செய்து வடிவத்தை `General` என்று மாற்றினால் வேஷம் கலைந்துவிடும். எக்செல் திகதியை ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1, 2021 ஜனவரி 1 என்பது 44197. ஆகவே உண்மையான திகதி எல்லாம் நாற்பதாயிரத்துச் சொச்சம் எண்ணாக மாறும், எழுத்தாக இருப்பது எழுதியபடியே நிற்கும். பக்கத்து நிரலில் `=ISNUMBER(D2)` போட்டு இரண்டையும் பிரித்துக்கொண்டேன். இடது வலது ஒட்டுதலைப் பார்த்துச் சொல்லலாமே என்றால், இந்தத் தாளில் யாரோ எல்லாவற்றையும் நடுவுக்கு இழுத்து வைத்திருந்தார்கள்.

அப்புறம் தாள் எப்படி உருவானது என்று செயலாளரிடம் கேட்டேன். இந்தக் கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது, சூத்திரம் எழுதி அலைவது பாதியாகக் குறையும். நாலு கை பட்டிருந்தது. 2018ஆம் வருசத்தை ஒரு பெரியவர் மாதப் பெயர் எழுதியே பதிந்திருந்தார். 2019 முதல் 2022 வரை மேல் டிவிசன் ரசீதுகளை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்வித்திருக்கிறார்கள். அதே காலத்துக் கீழ் டிவிசன் ரசீதுகளை ஒரு இளைஞர் போனில் கூகுள் ஷீட்டில் போட்டார். 2023 முழுவதும் செயலாளரே, அரசாங்கக் கடிதங்களில் வருகிற மாதிரி வருசத்தை முன்னால் வைத்து, 2023.03.10 என்று புள்ளி போட்டு.

கடைக் கணினி செய்த வேலை

சிக்கலின் பெரும்பகுதி இரண்டாவது கையில் இருந்தது. அந்தக் கடைக் கணினியில் விண்டோஸின் பிராந்திய அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்திருக்க வேண்டும், வாங்கி வைத்ததிலிருந்து யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அந்த அமைப்பில் எக்செல் மாதத்தை முதலில் வாசிக்கும். தட்டச்சு செய்தவர் ரசீதில் இருந்தபடியே நாள், மாதம், வருசம் என்று ஒழுங்காக அடித்திருக்கிறார். 14/02/2020 என்று அடித்தால் பதினாலாம் மாதம் என்று ஒன்று இல்லை, ஆகவே எக்செல் அதை எழுத்தாக விட்டுவிடும். 10/02/2020 என்று அடித்தால் ஒக்டோபர் 2 என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஒரே ஆள், ஒரே மேசை, ஒரே முறையில் அடித்தது பாதி எழுத்தாகவும் பாதி தப்பான திகதியாகவும் உள்ளே போனது இப்படித்தான்.

இதை எப்படி நிச்சயப்படுத்துவது? எண்ணாக இருக்கும் கலங்களை மட்டும் எடுத்து `=DAY(D2)` போட்டுப் பாருங்கள். மேல் டிவிசன் பகுதியில் அந்த எண் ஒரு இடத்தில்கூட 12ஐத் தாண்டவில்லை. ஒரு சாதாரண வருசத்தின் 365 நாட்களில் 221 நாட்களின் நாள் எண் 12க்கு மேல். நாலு வருசத்துக் கணக்கில் அப்படி ஒன்றுகூட இல்லாமல் போவதற்கு வேறு காரணம் இருக்க முடியாது. அதற்கு நேர்மாறாக, எழுத்தாக நின்ற கலங்களில் நாள் எண் 13க்குக் கீழே வரவே இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், மாதமும் நாளும் இடம் மாறியிருக்கின்றன.

இந்தத் தாளில் இன்னொரு அடையாளமும் இருந்தது. இந்தத் தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டிப் போடுவார்கள், சந்தாவும் அப்போதுதான் சேரும். ஆகவே பெரும்பாலான ரசீதுகள் 9க்கும் 16க்கும் இடையில். நாளும் மாதமும் மாறியவுடன் 10ஆம் திகதி கட்டியதெல்லாம் ஒக்டோபருக்கும், 11ஆம் திகதி கட்டியது நவம்பருக்கும், 12ஆம் திகதி கட்டியது டிசம்பருக்கும் போய்விட்டன. மாத வாரியாகக் கூட்டிப் பார்த்தபோது வருசக் கடைசி நாலு மாதத்தில் மட்டும் சங்கத்துக்குப் பணம் கொட்டியிருந்தது. தீபாவளி முற்பணம் கிடைத்த மாதமாக இருக்கும் என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்லி வைத்திருந்தார்கள்!

ஒரு சின்னத் துண்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மேல் டிவிசன் புத்தகத்தில் அடுத்தடுத்து இருந்த ஐந்து ரசீது, இடது பக்கம் ரசீதில் இருந்தது, நடுவில் தாளின் உள்ளே இருந்தது, வலது பக்கம் இருந்திருக்க வேண்டியது:

```
611  10/02/2020   44106         43871
612  11/02/2020   44137         43872
613  14/02/2020   "14/02/2020"  43875
614  02/03/2020   43864         43892
615  10/03/2020   44107         43900
```

வலது நிரல் ஏறிக்கொண்டே போகிறது. நடு நிரலில் 611 ஒக்டோபர் 2, 612 நவம்பர் 2, 613 எழுத்து, 614 பெப்ரவரி 3, 615 ஒக்டோபர் 3. இதைத் திகதிப்படி அடுக்கினால் 614 முதலாவதாகவும், அப்புறம் 611, 615, 612 என்றும், எண்களுக்குப் பிறகே எழுத்தை வைப்பது எக்செலின் வழக்கம் என்பதால் 613 எல்லாவற்றுக்கும் கீழேயும் வரும்.

இங்கே ஒரு விஷயம். எனக்கு முன்னால் யாரோ இதைச் சரிசெய்யப் போய், கலங்களின் தோற்ற வடிவத்தை நாள்/மாதம் என்று மாற்றியிருந்தார்கள். அதனால் உள்ளே இருக்கும் எண் மாறாது. 44107 என்பது ஒக்டோபர் 3 தான், அதை 10/3/2020 என்று காட்டினாலும் 03/10/2020 என்று காட்டினாலும். முன்பு இருந்த தோற்றத்திலாவது ரசீதில் எழுதியது திரையில் தெரிந்தது, மாற்றிய பிறகு ரசீதில் 10/03, திரையில் 03/10. தோற்றத்தை மாற்றுவது திருத்தம் இல்லை, தடயத்தை அழிப்பது.

மாறியதைத் திருப்பிப் போடும் சூத்திரம் சின்னது:

```
=DATE(YEAR(D2),DAY(D2),MONTH(D2))
```

ஆனால் இதை எண்ணாக இருக்கும் எல்லாக் கலத்துக்கும் இழுத்துவிடக் கூடாது. கீழ் டிவிசன் இளைஞரின் கூகுள் ஷீட் பிரித்தானிய அமைப்பில் இருந்தது, அவருடைய திகதிகள் சரியாகவே இருந்தன. அந்தப் பகுதியில் `DAY` 28, 30 என்றெல்லாம் வந்தது. அவற்றுக்கும் இந்தச் சூத்திரத்தைப் போட்டால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும். ஆகவே எந்தக் கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ரசீதுப் புத்தகத்தை வைத்துக் கோடு கிழித்து, மேல் டிவிசனின் எண் கலங்களுக்கு மட்டும் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் முடித்துவிட வேண்டும் என்ற ஆசை வரும், அதை விட்டுவிடுங்கள்.

எழுத்தாக நின்றவை

எழுத்துக் கலங்களில் சாய்கோடு, புள்ளி, சிறுகோடு மூன்றும் கலந்திருந்தன. முதலில் எல்லாவற்றையும் சாய்கோடாக்கி, வெற்றிடங்களை அகற்றி ஒரு துணை நிரலில் வைத்துக்கொண்டேன்:

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
 SUBSTITUTE(D2,CHAR(160)," "),UNICHAR(8206),""),
 ".","/"),"-","/"))
```

`CHAR(160)` எதற்கு என்றால், இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வருகிற ஒரு வகை வெற்றிடம் அது, `TRIM` அதைத் தொடாது. 8206 என்பது கண்ணுக்கே தெரியாத ஒரு குறி. இளைஞர் சில திகதிகளை வட்ஸ்அப் செய்தியிலிருந்து அப்படியே ஒட்டியிருந்தார், அவற்றில் அது கூடவே வந்திருந்தது. பார்வைக்கு 17/03/2021 தான், ஆனால் `LEN` போட்டால் 10க்குப் பதில் 11 என்று வரும். அப்படி வந்தால் `=UNICODE(LEFT(D2,1))` என்று முதல் எழுத்தின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

சுத்தம் செய்ததை மூன்று துண்டாக்க வேண்டும். புதிய எக்செலில் `TEXTSPLIT` இருக்கிறது, சங்கத்துக் கணினியில் இருந்தது பழையது. அதற்கு ஒரு பழைய தந்திரம்: ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் பதிலாக இருபது வெற்றிடம் வைத்து, இருபது இருபதாக வெட்டுவது. சுத்தம் செய்தது F நிரலில் இருந்தால் G, H, I மூன்றிலும்:

```
=VALUE(TRIM(MID(SUBSTITUTE(F2,"/",REPT(" ",20)),1,20)))
=VALUE(TRIM(MID(SUBSTITUTE(F2,"/",REPT(" ",20)),21,20)))
=VALUE(TRIM(MID(SUBSTITUTE(F2,"/",REPT(" ",20)),41,20)))
```

இங்கே `#VALUE!` வந்தால் சந்தோஷப்படுங்கள், பிழை தானாகவே கையைத் தூக்குகிறது. பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில O அடித்தது, இரண்டு சாய்கோடு சேர்ந்து விழுந்தது எல்லாம் இப்படித்தான் பிடிபட்டன. துண்டுகள் கிடைத்த பிறகு, முதல் துண்டு 31க்கு மேல் என்றால் அது வருசம்:

```
=IF(G2>31,DATE(G2,H2,I2),
 DATE(I2+IF(I2<100,2000,0),H2,G2))
```

அந்த 2000ஐக் கூட்டுகிற பகுதியை விட்டுவிடாதீர்கள். `DATE(22,3,5)` என்று கொடுத்தால் எக்செல் 1922ஐத்தான் தரும், 1900க்குக் குறைந்த எண்ணை வருசமாகக் கொடுத்தால் அதோடு 1900ஐக் கூட்டுவது அதன் வழக்கம்.

`DATE` இன்னொரு விதத்திலும் மோசம் செய்யும், எனக்கு இதுதான் பயம். இல்லாத திகதியைக் கொடுத்தாலும் அது பிழை சொல்லாது. `DATE(2022,2,31)` என்றால் மார்ச் 3 என்று தரும். மாதம் 13 என்றால் அடுத்த வருசம் ஜனவரிக்குப் போய்விடும். ஆகவே வந்த விடையிலிருந்து நாளையும் மாதத்தையும் திரும்ப எடுத்து, உள்ளே போனதோடு ஒப்பிட வேண்டும். விடை J நிரலில் இருக்கிறது என்றால்:

```
=AND(MONTH(J2)=H2,DAY(J2)=IF(G2>31,I2,G2))
```

`FALSE` வந்தவற்றில் ஒன்று 31.06.2022. ஜூனில் 31 ஏது? சூத்திரம் அதை ஜூலை 1 ஆக்கி வைத்திருந்தது. ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தால் 21, எழுதியவரின் 2 கொஞ்சம் 3 மாதிரி. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் அது ஜூலை முதலாம் திகதியாகவே இருந்திருக்கும், யாருக்கும் சந்தேகம்கூட வந்திருக்காது.

செயலாளரின் 2023 வரிகளில் இன்னொரு கூத்து. வருசத்தை நாலு இலக்கத்தில் எழுதியது சிக்கல் இல்லை. ஆனால் களைத்த நாட்களில் 23.03.10 என்று சுருக்கியிருந்தார், எப்போதாவது 10.03.23 என்றும். சூத்திரம் முதலாவதை 2010 மார்ச் 23 என்று வாசித்தது. இங்கே உதவியது கணக்கின் எல்லை: தாள் 2018க்கு முன் தொடங்கவில்லை, 2023க்குப் பின் போகவில்லை, அந்த எல்லைக்கு வெளியே விழுந்த எல்லாவற்றையும் வருசம் முன்னால் என்று மறுபடி வாசித்தால் போதும். உண்மையாகவே குழப்பம் தருவது இரண்டு நுனியும் 18க்கும் 23க்கும் இடையில் இருப்பவை மட்டும்தான். 20.03.23 என்றால் 2023 மார்ச் 20ஆ, 2020 மார்ச் 23ஆ? எழுத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, ரசீது இலக்கத்தைக் கேட்க வேண்டும்.

2018இன் மாதப் பெயர்களுக்கு ஒரு சின்ன அட்டவணை போட்டேன், இடது பக்கம் பெயர், வலது பக்கம் மாத எண். ஓகஸ்ட், ஆகஸ்ட், ஆவணி எல்லாம் 8. தேடும்போது சில வரிகளில் `#N/A` வந்தது, பெயரோ கண்ணுக்கு ஒரே மாதிரி. ஒக்டோபர் என்ற சொல்லில் "டோ" என்பதை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தும் பதியலாம், திரையில் வித்தியாசம் தெரியாது. `LEN` ஒன்று கூடுதலாகக் காட்டும். இரண்டு வடிவத்தையும் அட்டவணையில் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஆனால் ஆவணி 3 என்றால் உண்மையில் எந்த நாள்? இலங்கையில் ஜனவரியைத் தை என்றும் ஓகஸ்டை ஆவணி என்றும் எழுதுவது சாதாரணம், அப்படியானால் ஓகஸ்ட் 3. பஞ்சாங்கக் கணக்கு என்றால் ஆவணி பிறப்பதே ஓகஸ்ட் 17ஐ ஒட்டி, ஆகவே 19 அளவில். அந்தப் பெரியவர் கோயில் வேலையும் பார்ப்பவர், இரண்டும் சாத்தியம். இதற்கும் ரசீது இலக்கம்தான்.

ரசீது இலக்கம் சொன்னது

ரசீதுப் புத்தகத்தின் இலக்கம் அச்சில் வருவது, யாருடைய கணினி அமைப்பும் அதைத் தொடாது. அதன்படி அடுக்கினால் திகதிகளும் ஏறுமுகமாக வர வேண்டும். இரண்டு டிவிசனிலும் ஒரே காலத்தில் இரண்டு புத்தகம் நடந்ததால் முதலில் புத்தகப் பெயர்ப்படியும் பிறகு இலக்கப்படியும் அடுக்கினேன். இதைக் கவனிக்காமல் இலக்கத்தை மட்டும் வைத்து அடுக்கினால் இரண்டு புத்தகமும் பின்னிப் பிணைந்து எல்லாமே தப்பு மாதிரித் தெரியும்.

நாள்-மாதம் மாற்றத்தில் ஒரு நல்ல குணம் இருக்கிறது, இதைத் தெரிந்து வைத்தால் வேலை எளிது. ஒரு திகதியின் இரண்டு வாசிப்பும் ஒன்றுக்கொன்று கிட்ட வரவே வராது. மிகக் கிட்ட வருவது பெப்ரவரி 3உம் மார்ச் 2உம்தான், அவற்றுக்கே சாதாரண வருசத்தில் 27 நாள் இடைவெளி. மற்ற எல்லாச் சோடிக்கும் அதைவிடக் கூட. ஆகவே ஒரு ரசீதின் உண்மைத் திகதிக்கு முன்னாலோ பின்னாலோ 13 நாளுக்குள் ஒரு நிச்சயமான ரசீது இருந்தால் போதும், தப்பான வாசிப்பு குறைந்தது 14 நாள் தள்ளிப் போய் நிற்கும். நிச்சயமானவை எவை? நாள் எண் 12க்கு மேல் உள்ள எல்லாமும். அப்புறம் 05/05, 10/10 மாதிரி எப்படி வாசித்தாலும் மாறாதவை, வருசத்துக்கு 12 நாள்.

திருத்திய நிரல் K என்றால் பக்கத்தில் `=K3-K2` போட்டு, மைனஸ் எண்ணாக வந்ததையும் 13க்கு மேல் போனதையும் நிறம் போட்டுக் காட்டச் செய்தேன். மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு வந்தவற்றை விட்டுவிட்டேன். சேகரிப்பவர் முதல் நாள் காசை வாங்கி அடுத்த நாள் ரசீது எழுதினால் அப்படி வரும், அது கணினிக் கோளாறு இல்லை. மைனஸ் முப்பது, மைனஸ் இருநூறு வந்தவைதான் பார்க்க வேண்டியவை. மேல் டிவிசன் பகுதியில் இப்படி ஒரு சின்னக் கூட்டம் வந்தது. விசாரித்தால் நாள் எண் 12ஐத் தாண்டாத அந்த ரசீதுகளை மட்டும் வேறு கணினியில் அடித்திருக்கிறார்கள், அவை ஏற்கனவே சரி, என் சூத்திரம்தான் அவற்றைப் புரட்டியிருந்தது. கை மாறிய எல்லையை ஆட்களின் ஞாபகத்தை மட்டும் நம்பிப் போடக் கூடாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஆவணிக் கேள்வியும் இதிலேயே தீர்ந்தது. இரண்டு வாசிப்புக்கும் இடையில் பதினாறு நாள் அளவு, பக்கத்து ரசீதுகள் ஒரு வாரத்துக்குள் இருந்தால் தெரிந்துவிடும். பெரியவர் ஆங்கில மாதத்தைத்தான் தமிழ்ப் பெயரில் எழுதியிருந்தார், ஓகஸ்ட் 3. ஒரு மாதத்துக்கு மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் மாசி, வைகாசி, கார்த்திகை என்று இன்னும் சிலவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அட்டவணையை அப்படியே விட்டேன்.

இந்த வழி தடுமாறியது 2020 மார்ச்சுக்குப் பிறகு. மார்ச் 20 முதல் நாடு முழுக்க ஊரடங்கு, சங்கம் சில காலம் காசு சேர்க்கவில்லை, ஆகவே பக்கத்து ரசீது 13 நாளுக்குள் கிடைக்காது. 13ஐத் தாண்டிய இடைவெளி வந்தாலும் அது நியாயமான இடைவெளி. அந்தத் துண்டை மட்டும் கையால் பார்த்தேன். சேர்க்காத காலத்துக்குள் விழுகிற வாசிப்பு தானாகவே அடிபட்டுப் போனதால், இடைவெளியே உதவி செய்தது என்றும் சொல்லலாம்.

இனிமேல் அடிப்பதற்கு

திருத்திய நிரலை `yyyy-mm-dd` என்று காட்டும்படி வைத்தேன். செயலாளர் எழுதுகிற ஒழுங்கும் அதுதான், அவருக்குப் பழகத் தேவையில்லை. எந்தச் சந்தர்ப்பத்திலும் `TEXT` சூத்திரத்தால் அதைச் செய்யாதீர்கள், அது திகதியை மறுபடி எழுத்தாக்கிவிடும். மூல நிரல் அப்படியே பக்கத்தில் இருக்கிறது, மறைத்து வைத்தோம், அழிக்கவில்லை.

சங்கத்துக் கணினியின் விண்டோஸ் அமைப்பில் திகதி ஒழுங்கை மாற்றினோம், கூகுள் ஷீட்டில் `File > Settings > Locale` பிரித்தானியாவாகவே இருக்கிறதா என்றும் பார்த்தோம். திகதி நிரலில் 2018-01-01க்கும் இன்றைக்கும் இடையில் மட்டும் ஏற்கும்படி ஒரு கட்டுப்பாடும் போட்டோம். அது எழுத்தைத் தடுக்கும், எதிர்காலத் திகதியைத் தடுக்கும். ஆனால் 01/09ஐ ஜனவரி 9 என்று வாசித்தால் அதைத் தடுக்காது, ஏனென்றால் ஜனவரி 9உம் எல்லைக்குள்தான். அதற்குத்தான் `=K3-K2` நிரலை அழிக்காமல் விட்டேன், புதிய ரசீது போடப் போட அது தானே கணக்குப் பார்க்கும். கோப்பை CSV ஆக்கி யாருக்காவது அனுப்பினால் அங்கே திறக்கிற கணினி தன் அமைப்பின்படி மறுபடி வாசிக்கும் என்பதால், அனுப்புவதற்கு முன் வருசம் முன்னால் இருக்கிற வடிவத்தில் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு கைப்பிடி வரிகள் மிஞ்சின. ரசீதின் அடிக்கட்டை ஈரத்தில் ஊறிப் பிய்ந்துவிட்டது, பக்கத்து ரசீதுகளும் இல்லை, இரண்டு வாசிப்பும் பொருந்துகின்றன. அவற்றுக்குத் திருத்திய நிரலை வெறுமையாக விட்டு, சாத்தியமான இரண்டு திகதியையும் பக்கத்து நிரல்களில் போட்டேன். சங்கக் கூட்டத்தில் அதைக் காட்டியபோது, நிலுவை பார்க்கும் நேரத்தில் இரண்டில் பிந்திய திகதியை எடுத்துக்கொள்வது, அதாவது அங்கத்தவருக்குச் சாதகமாக, என்று முடிவெடுத்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்.